மேஜையில் தட்டிக் காட்டுங்கள்

அந்த ஆசிரியை வந்து உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் கவரை என் மேஜையில் கவிழ்த்தார். மூன்று ஈசிஜி தாள்கள், ஒரு எக்கோ ரிப்போர்ட், தைராய்டு ரிப்போர்ட், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று. மாத்திரையைப் பார்த்தேன். பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் வரவழைப்பது. அவருக்கு வயது 36.

"எல்லாமே நார்மல்னு சொல்றாங்க சார். டென்ஷனாம். டீயை விடச் சொன்னாங்க, விட்டு எட்டு மாசம் ஆச்சு. படபடப்பு மட்டும் என்னை விட மாட்டேங்குது."

தாள்கள் மூன்றும் உண்மையிலேயே நார்மல்தான். ஆனால் மூன்றின் தலையிலும் அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்துவிட்டு, "இதை எடுக்கும்போது படபடப்பு இருந்ததா?" என்று கேட்டேன். "இல்ல சார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நின்னுடும்." நான்கு வருடக் குழப்பத்துக்கும் காரணம் இதுதான். வழக்கமான ஈசிஜி பத்தே விநாடி இதயத்தைப் பதிவு செய்கிறது. அந்தப் பத்து விநாடியில் கோளாறு இல்லையென்றால் தாளிலும் இருக்காது. வீட்டில் கரண்ட் போய், திரும்ப வந்த பிறகு லைன்மேனை அழைத்துவந்தால் அவர் என்ன சொல்வார்? "நல்லாத்தானே எரியுது" என்பார். அவர் மேல் தப்பில்லை.

படபடப்பு என்று வருகிறவர்களிடம் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: "அது எப்படி அடிக்குதுன்னு மேஜையில தட்டிக் காட்டுங்க." பேச்சில் எல்லாருமே 'படபட' என்றுதான் சொல்வார்கள். விரல் வேறு வேறு கதை சொல்லும். ஆசிரியை ஆள்காட்டி விரலால் தட்டினார். வேகமாக, மிக வேகமாக, ஆனால் ஒரு தட்டுக்கூடப் பிசகாமல், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி.

"எப்படி ஆரம்பிக்கும்?"

"டஸ்டர் கீழே விழுந்தா குனிஞ்சு எடுப்பேன் சார். நிமிரும்போது டக்குனு ஆரம்பிச்சிருக்கும்."

"நிக்கும்போது?"

"சுவிட்சை அணைச்ச மாதிரி நிக்கும்."

"நின்ன பிறகு?"

கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு மூணு தடவை பாத்ரூம் போக வேண்டியிருக்கும். பயத்துலன்னு நெனச்சேன்."

அவரோடு வந்திருந்த மகள், எட்டாவது படிப்பவள், தானாகச் சொன்னாள்: "அம்மாவுக்கு அப்போ கழுத்து துடிக்கும் சார். வெளியே தெரியும்." ஈசிஜி கையில் இல்லாமலே எனக்கு முக்கால்வாசி விடை கிடைத்துவிட்டது. அது எப்படி என்று சொல்வதற்கு முன் இன்னொருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் கதையில் டீதான் கதாநாயகன்.

அதே வாரம் வந்த இளைஞர். வயது 24, டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறார். இரவு ஒன்றரை மணி வரை நூலகத் தெருவில் இருக்கும் டீக்கடையும் புத்தகமுமாகக் கழிகிறது. நாளைக்கு ஆறு டீ, நான்கு மணி நேரத் தூக்கம். அவரையும் தட்டச் சொன்னேன். மிதமான வேகம், சீரான தாளம். எப்போது ஆரம்பித்தது என்று அவரால் சொல்லவே முடியவில்லை. "டீ குடிச்சு அரை மணியில மெல்ல மெல்ல ஏறும் சார். மாக் டெஸ்ட் ரிசல்ட் வந்தா இன்னும் ஏறும். படுத்தா கொஞ்சம் கொஞ்சமா இறங்கும்." அவருக்கு அப்போதே படபடப்பு இருந்ததால் அப்போதே ஈசிஜி எடுத்தோம். நிமிடத்துக்கு 112. ஒவ்வொரு உயர்ந்த கூரிய கோட்டுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு, தவறாமல்.

அந்தச் சின்ன மேடுதான் விஷயம். இதயத்தின் வலது மேலறை உச்சியில் ஒரு சிறு திசுக்கூட்டம் இருக்கிறது. இயல்பான துடிப்பு ஒவ்வொன்றும் அங்கிருந்துதான் மின்சாரமாகப் புறப்படுகிறது. மேலறைகளில் அது பரவுவது தாளில் சின்ன மேடாகத் தெரியும். கீழறைகளுக்கு இறங்குவது உயர்ந்த கோடாகத் தெரியும். மேடு இருக்கிறது என்றால், வேகம் கூடியிருந்தாலும் தாளம் போடுவது உரிய ஆள்தான். யாரோ அவரை வேகமாகப் போடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அந்த 'யாரோ' பயமாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், டீயாக இருக்கலாம்.

டீ இதை எப்படிச் செய்கிறது? விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். உடம்புக்கு அது, 'போதும், மெல்லப் போ' என்கிற குரல். டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சொல்ல வந்த குரல் வாசலிலேயே நின்றுவிடும். கூடவே அட்ரினலின் சுரப்பும் கொஞ்சம் கூடும். குடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் கஃபீன் உச்சத்துக்கு வரும். அதில் பாதி கழியச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நள்ளிரவில் குடித்த டீ காலை ஐந்து மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது என்று கணக்கு. தூக்கம் கெடும், அடுத்த நாள் அதற்கும் ஒரு டீ.

ஆனால் டீயின் மேல் போடப்படும் பழி அளவுக்கு மீறியது என்பது என் கட்சி. கடை டீ ஒரு கிளாசில் கஃபீன் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளைக்கு 400 வரை பாதுகாப்பு என்கிறார்கள். அமெரிக்காவில் 100 பேரை இரண்டு வாரம், சில நாள் காபியோடும் சில நாள் காபி இல்லாமலும் இருக்கச் சொல்லி, நெஞ்சில் ஈசிஜி கருவியை ஒட்டியே வைத்துப் பார்த்தார்கள். 2023-இல் முடிவு வெளியானது. இதய மேலறையில் வரும் உதிரித் துடிப்புகள் காபி நாளில் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறை உதிரித் துடிப்புகள் ஓரளவு கூடின. தூக்கம் சராசரியாக 36 நிமிடம் குறைந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 36 நிமிடம்தான். இளைஞருக்கு நான் எழுதித் தந்தது மருந்து இல்லை: மாலை ஐந்துக்கு மேல் டீ வேண்டாம், ஆறு மணி நேரமாவது தூங்க வேண்டும். மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது.

அவருக்கு ஈசிஜியோடு ஹீமோகுளோபினும் பார்த்தேன். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஈசிஜியில் 'உரிய ஆள்தான் தாளம் போடுகிறார்' என்று வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை; வேகமாகப் போடச் சொல்வது யார் என்று தேட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு அதிகச் சுரப்பு, ஆஸ்துமா இன்ஹேலர், சளிக்காகக் கடையில் தானே வாங்கிப் போடும் மூக்கடைப்பு மாத்திரை, சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கிப்போவது, எல்லாம் இதே படபடப்பைத் தரும். நம் வீட்டுப் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்பது எல்லாருக்கும் தெரியும். சாப்பாடு முடிந்த கையோடு குடிக்கிற டீ, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் டீ படபடப்புக்குக் காரணம்தான், ஆனால் ஊரார் சொல்லும் வழியில் இல்லை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

ஆசிரியையிடம் வருகிறேன். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒரு 'கேட்' உண்டு. மின்சாரம் அங்கே ஒரு நொடிப்பொழுது தாமதித்துத்தான் கீழே இறங்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடத்தில் ஒன்றுக்கு இரண்டு பாதைகள். ஒன்றில் மின்சாரம் வேகமாகப் போகும், மற்றொன்றில் மெதுவாக. அகால வேளையில் வரும் ஓர் உதிரித் துடிப்பு மெதுவான பாதையில் இறங்கி, வேகமான பாதை வழியாக மேலே ஏறி, மறுபடி இறங்கி... ராட்டினம் போலச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. உரிய ஆளின் கையிலிருந்து தாளம் போய்விட்டது. இதைத்தான் எஸ்விடி என்று எழுதுவார்கள். ஒரு சுற்று அறுந்தால் மொத்தமும் அந்தக் கணமே நிற்கும். அதனால்தான் டக்கென்று ஆரம்பம், சுவிட்சை அணைத்தது போல முடிவு. டீயோ கோபமோ ஏற்றும் படபடப்பால் இப்படிச் செய்ய முடியாது. அது ஏறி இறங்க நேரம் எடுக்கும்.

மகள் பார்த்த கழுத்துத் துடிப்புக்கும் காரணம் இதுவே. சுழலும் மின்சாரம் மேலறையையும் கீழறையையும் ஒரே சமயத்தில் சுருங்க வைக்கிறது. இடையில் உள்ள வால்வு மூடியிருக்க, மேலறை ரத்தத்துக்குப் போக வழியில்லை. கழுத்து நரம்புக்குள் திரும்பி அடிக்கிறது. விரியும் மேலறைகள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது சிறுநீரகத்தை அதிகமாக நீர் பிரிக்கச் சொல்லும். பாத்ரூம் பயணம் பயத்தால் அல்ல.

பயம் என்று நினைத்தது அவர் மட்டுமில்லை. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எஸ்விடி உறுதியான 107 பேரின் பழைய கதையை விசாரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் மனநல மருத்துவத்தில் 'பேனிக்' நோய்க்குச் சொல்லப்படும் பட்டியலோடு அப்படியே பொருந்தின. பாதிப் பேருக்கு மேல் முதல் பரிசோதனையில் நோய் பிடிபடவே இல்லை. மனப்பதற்றம் என்று முத்திரை குத்தப்படுவது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் நடந்திருந்தது. நெஞ்சு நிமிடத்துக்கு 190 தடவை அடித்தால் யாருக்குத்தான் பயம் வராது? பயத்தால் துடிப்பா, துடிப்பால் பயமா என்று கேட்காமல் விட்டதுதான் பிழை.

அடுத்த வேலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடிப்பது. 24 மணி நேரம் கட்டி அனுப்பும் ஹோல்டர் கருவி உண்டு. ஆனால் இவருக்கு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது; ஒருநாள் கட்டிப் பிடிப்பது லாட்டரி. ஆகவே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: 'படபடப்பு இருக்கும்போதே 12 லீட் ஈசிஜி எடுக்கவும். எடுத்த பிறகு சிகிச்சை. தாளின் பிரதியை இவரிடம் தரவும்.' அவர் பள்ளிக்கு அரை கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம். "தனியா நடக்காதீங்க, தலைமை ஆசிரியர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, யாராவது வண்டியில கொண்டுபோய் விடட்டும்" என்றேன். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் சீட்டெல்லாம் வேண்டாம், 108-ஐ அழைக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணி இடைவேளையில் வந்தது. சக ஆசிரியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சுகாதார நிலையத்தில் வரிசை. சீட்டை நீட்டியதும் செவிலியர் நேரே கட்டிலில் படுக்க வைத்தார். அந்தத் தாளை இன்னும் படமெடுத்து வைத்திருக்கிறேன். ஈசிஜி தாளில் சின்னக் கட்டம் ஒரு மில்லிமீட்டர். உயர்ந்த கோட்டுக்கும் அடுத்த உயர்ந்த கோட்டுக்கும் இடையே எத்தனை சின்னக் கட்டம் என்று எண்ணி, 1500-ஐ அதால் வகுத்தால் துடிப்பு எண்ணிக்கை வரும். இவருக்கு எட்டுக் கட்டம். 188. தாள் முழுக்க அதே எட்டு, ஏழரை இல்லை, எட்டரை இல்லை. கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டிய சின்ன மேட்டைக் காணவில்லை.

அங்கிருந்த இளம் மருத்துவர் செய்ததைப் பாராட்ட வேண்டும். 10 மில்லி காலி சிரிஞ்சைக் கையில் கொடுத்து, சாய்ந்து உட்கார வைத்து, உள்ளிருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு அதன் வாயில் 15 விநாடி ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு கால்களையும் 45 டிகிரிக்கு 15 விநாடி தூக்கிப் பிடித்தார். அப்படிச் செய்தால் 'மெல்லப் போ' என்று இதயத்துக்குச் சொல்லும் வேகஸ் நரம்பு விழித்துக்கொண்டு, நடு கேட்டைக் கணநேரம் சாத்தும். சுற்று அறுந்துவிடும். 2015-இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வில், கால் தூக்காத பழைய முறையில் நூற்றில் 17 பேருக்கும் கால் தூக்கும் முறையில் 43 பேருக்கும் துடிப்பு சரியானது. செலவு ஒரு சிரிஞ்சு. ஆசிரியை அந்த 43-இல் ஒருவர்.

நிற்காமல் போயிருந்தால் ஊசி போட்டிருப்பார்கள். ஊசியின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: அடினோசின். டீ வாசலில் தடுத்து நிறுத்துகிறதே, அதே பொருள். கை நரம்பில் சட்டென்று ஏற்றினால் கேட்டைச் சில விநாடி முழுதாக மூடும். நெஞ்சை ஏதோ அழுத்துவது போல இருக்கும், பத்து விநாடிக்குள் அந்த மருந்து ரத்தத்தில் கரைந்து காணாமல் போய்விடும். சில மணி நேரத்துக்குள் டீயோ காபியோ குடித்திருந்தால் இந்த ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆகவே, ஊசி போடும் முன் எப்போது டீ குடித்தீர்கள் என்று மருத்துவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால் அதையும்.

பிறகு மதுரையில் அவருக்கு அப்லேஷன் செய்தார்கள். தொடை நரம்பு வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, அந்த மெதுவான பாதையை மட்டும் சூட்டால் பொசுக்கிவிடுவது. நெஞ்சைத் திறப்பதில்லை. இந்த வகைக்கு நூற்றில் 95 பேருக்கு மேல் ஒரே தடவையில் தீர்ந்துவிடும். நல்ல பாதையும் சேர்ந்து பொசுங்கிப் பேஸ்மேக்கர் வைக்க நேரும் அபாயம் நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்கள். எஸ்விடி உள்ள எல்லாருக்கும் இது கட்டாயமில்லை. வருடத்துக்கு ஒருமுறை வந்து ஊதினால் நிற்கிறது என்றால் அப்படியே விடுபவர்களும் உண்டு.

மூன்றாவதாக ஒரு விரல் உண்டு. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், 67 வயது, ரத்தக்கொதிப்புக்காரர். "அப்படியொண்ணும் படபடப்பு இல்ல தம்பி, ஏதோ குழப்பமா அடிக்குது" என்றார். தட்டினார்: டக் டக்... டக்.... டக்டக்டக்.. டக். எந்த இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரே இடைவெளி இல்லை. நாடியும் அப்படியே. இது வேகத்தின் கோளாறு இல்லை, ஒழுங்கே இல்லாமல் போனது. மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கிறது; ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இது உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. "நாலு டீ குடிப்பேன், அதனாலயா?" என்று கேட்டார். இல்லை. வயதும் ரத்தக்கொதிப்பும்தான். அன்றே ஈசிஜி எடுத்து, ரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்கினோம். சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்களுக்கு இது இளவயதிலேயே வரும். நம் ஊரில் அப்படிப்பட்ட பெண்களை இன்னும் பார்க்கிறேன்.

'ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்தது தொம் என்று விழுகிறது' என்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அது முந்திக்கொண்ட ஓர் உதிரித் துடிப்பு. அதற்குப் பின் இதயம் சற்று நிதானித்து நிறைய ரத்தத்தோடு அடிப்பதால் அந்தத் 'தொம்'. இதயம் நல்லபடி இருந்தால் பெரும்பாலும் ஒரு ஈசிஜியோடு பயத்தை மறந்துவிடலாம்.

காத்திருக்கக் கூடாதவர்கள் வேறு. படபடப்போடு மயங்கி விழுந்தவர், ஓடும்போது அல்லது மாடி ஏறும்போது அது வருபவர், நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ சேர்ந்து வருபவர், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், குடும்பத்தில் யாரேனும் நாற்பதுக்குள் திடீரென்று இறந்திருப்பவர். இவர்களிடம் டீயைப் பற்றிப் பேச்சே கிடையாது. படபடப்பு நின்றுபோயிருந்தாலும் ஈசிஜி எடுக்க வேண்டும். சில பிறவிக் கோளாறுகள் துடிப்பு அமைதியாக இருக்கும்போதும் தாளில் தடயம் விட்டுவைக்கும்.

மற்றவர்கள் அடுத்த முறை வரும்போது கடிகாரத்தைப் பாருங்கள். ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். டக்கென்று ஆரம்பித்தால், உட்கார்ந்திருக்கும்போதே 150-க்கு மேல் போனால், அல்லது தாளமே இல்லாமல் அடித்தால், அது நிற்கக் காத்திருக்காமல் ஈசிஜி இருக்கும் மிக அருகிலுள்ள இடத்துக்குப் போங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம். டோக்கன் கொடுப்பவரிடமே சொல்லுங்கள்: "இப்ப ஓடிக்கிட்டிருக்கு, முதல்ல ஈசிஜி எடுங்க." தாளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், அந்த எழுத்து நாளாக ஆக மங்கிவிடும், அன்றே ஃபோனில் படமெடுத்து வையுங்கள்.

ஆசிரியைக்கு அப்லேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒருமுறைகூட வரவில்லை. காலையில் ஒன்று, பதினொரு மணி இடைவேளையில் ஒன்று என்று டீயை மறுபடி ஆரம்பித்துவிட்டார்.